வீட்டை இழுத்துப் பிடிக்கும் நீர்: காங்கேயத்துத் தோட்டம், கரிசல் ஊர், குடமுருட்டிக் கரை

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், ஒரு ஊர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. பத்து ஏக்கருக்கு ஒரு வீடு, அதைச் சுற்றிக் கொஞ்சம் தென்னை, பக்கத்தில் ஒரு கிணறு, கிளுவை வேலி. அப்புறம் வெறும் காடு. மறுபடி ஒரு வீடு. பெயர்ப்பலகையில் ஊர்ப் பெயர் இருக்கிறது. பலகைக்குப் பின்னால் ஊர் இல்லாத மாதிரி இருக்கிறது. கரிசல் பூமியிலிருந்து வந்து படித்த மாணவன் ஒருவன் முதல் களப்பயணத்தில் என்னிடம் கேட்டது இதுதான்: "சார், ஊருக்குள்ள எப்ப போவோம்?" நாங்கள் அப்போது ஊருக்குள் வந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

அவனுடைய ஊர் விளாத்திகுளம் பக்கம். அங்கே சுவரோடு சுவர் ஒட்டி வீடுகள். கடைசி வீட்டின் பின்சுவரைத் தாண்டினால் அடுத்த ஊர் வரைக்கும் ஒரு கூரைகூடக் கிடையாது. இரண்டுமே மழை குறைந்த பகுதிகள், இரண்டுமே சமவெளி. பிறகு ஏன் ஒன்று குழுமியும் இன்னொன்று சிதறியும் கிடக்கிறது? பாடப்புத்தகத்தில் படிக்கிற 'சமவெளியில் குழுமிய குடியிருப்பு, மலையில் சிதறிய குடியிருப்பு' என்ற வாய்ப்பாடு இங்கே உதவாது. நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டிலும், நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, அதை எடுக்க ஒரு குடும்பம் போதுமா ஊரே சேர வேண்டுமா என்பதுதான் வீட்டின் இடத்தைத் தீர்மானிக்கிறது என்பது பல ஆண்டு களப்பயணங்களுக்குப் பிறகு எனக்குப் பட்டது. காங்கேயம் வட்டாரத்தை நடுவில் வைத்து, மற்ற இரண்டு வகைகளையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

கிணறு இருக்கிற இடத்தில் வீடு

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கிற நிலம் இது. ஆண்டு மழை ஏறக்குறைய 600 மில்லிமீட்டர், அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில். மேலே ஓரிரு அடி செம்மண், அதன் கீழே சிதைந்த பாறை, அதற்கும் கீழே கெட்டிப்பாறை. கெட்டிப்பாறையில் தண்ணீர் ஏரி மாதிரி பரந்து நிற்காது. சிதைந்த பாறைப் படலத்திலும் பாறை வெடிப்புகளிலும் மட்டும் ஒளிந்திருக்கும். அதனால் நூறடி தள்ளி வெட்டிய இரண்டு கிணறுகளில் ஒன்று ஊறும், இன்னொன்று வறளும்.

இந்தப் பாறையமைப்பிலிருந்து இரண்டு விளைவுகள் வந்தன. ஒன்று, நீர் ஓரிடத்தில் குவிந்து கிடக்காமல் வட்டாரம் முழுக்கச் சிறு சிறு அளவில் பரவிக் கிடந்தது. இன்னொன்று, அதை எடுக்க ஊர்க்கூட்டம் தேவைப்படவில்லை. ஒரு குடும்பம் கடன் வாங்கியோ நகையை விற்றோ சில ஆண்டுகள் கோடையில் வெட்டி வெட்டிக் கிணற்றை ஆழப்படுத்திக்கொள்ள முடிந்தது. ஒரு கிணற்று நீரில் சில ஏக்கர் நனையும். அந்தச் சில ஏக்கருக்குத்தான் கொங்கு வழக்கில் தோட்டம் என்று பெயர். மழையை மட்டும் நம்புகிற மீதி நிலம் காடு.

சரி, கிணறு தோட்டத்தில் இருக்கட்டும், வீடு ஏன் அங்கே போக வேண்டும்? மாடு பூட்டி நீர் இறைக்கிற கவலை ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கிணற்று மேட்டிலிருந்து கீழே இறங்கும் சரிவுப் பாதையில் மாடுகள் வடத்தை இழுத்துக்கொண்டு இறங்கும். தோல்வால் கட்டிய சால் நிறைந்து மேலே வந்து தொட்டியில் கொட்டும். மாடுகள் பின்னோக்கி ஏறி மறுபடி மேட்டுக்கு வரும். வெயில் ஏறுவதற்கு முன்பு விடிகாலையில் ஒரு முறை, வெயில் தாழ்ந்த பிறகு ஒரு முறை என்று பயிர் நிற்கிற மாதங்கள் முழுக்க இது நடக்கும். இறைக்க ஒருவர், வாய்க்கால் மடை திருப்ப ஒருவர் வேண்டும்.

வீடு ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஊருக்குள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாட்டை ஓட்டிக்கொண்டு ஒரு நடைக்கு அரை மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்குப் போக வர நான்கு நடை. நடையிலேயே மாட்டுக்கும் ஆளுக்கும் இரண்டு மணி நேரம் வீண். இருட்டில் வடமும் சாலும் சுமந்து போக வேண்டும், சாணத்தையும் குப்பையையும் வண்டியேற்றி வயலுக்குக் கொண்டுவர வேண்டும். வீட்டைத் தூக்கிக்கொண்டுபோய்க் கிணற்றோரம் வைத்துவிட்டால் இவ்வளவும் மிச்சம். முதலில் மாடு கட்டவும் தட்டுப்போர் வைக்கவும் ஒரு கொட்டகை போட்டார்கள். பிறகு அதில் யாராவது படுத்தார்கள். பிறகு அடுப்பு மூட்டினார்கள். அதுதான் தோட்டத்துச் சாளை.

மாடும் இதே பக்கம்தான் இழுத்தது. காங்கேயம் காளையை வளர்க்கிற கொரங்காடு என்பது கிளுவை வேலி அடைத்த சொந்த மேய்ச்சல் நிலம். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் இருக்கும். பொது மேய்ச்சலுக்கு ஓட்டிப்போகிற ஊர்களில் மாடு காலையில் மந்தையாகக் கிளம்பி மாலையில் மந்தையாகத் திரும்பும். அதற்கு ஊரே ஒரு முனையில் இருப்பது வசதி. கொரங்காட்டிலோ மாடு வேலிக்குள்ளேயே கிடக்கும். தண்ணீர் காட்டவும் கவனிக்கவும் ஆள் பக்கத்தில் இருந்தால் போதும்.

இதெல்லாம் நடக்க இன்னும் இரண்டு தேவைப்பட்டன. தனியாக இருக்கிற வீட்டைக் கொள்ளையடிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை ஒன்று. நிலம் தன் பெயரில் இருக்கிறது என்ற உறுதி இன்னொன்று. மைசூர்ப் போர்கள் 1799-இல் முடிந்து கோயம்புத்தூர் கம்பெனி ஆட்சிக்குள் வந்தது. பிறகு ரயத்துவாரி முறையில் தனித்தனி உழவருக்குப் பட்டா கிடைத்தது. தோட்டத்துக் குடியிருப்பு பெருகியதில் இந்த இரண்டுக்கும் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. அதன் மேல் 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அந்த மின்சாரம் கோவை வட்டாரக் கிணறுகளுக்கு வந்தபோது, ஒரு மோட்டார் பல மாடுகளின் வேலையைச் செய்தது. நனைகிற ஏக்கர் கூடியது, கிணறும் கூடியது, அதோடு வீடும் கூடியது.

ஊர் காலியாகவில்லை

வீடுகள் தோட்டத்துக்குப் போன பிறகும் ஊர் என்று ஒன்று மிச்சமிருக்கிறது. கோயில், கடை, ரேஷன், பள்ளிக்கூடம், சலூன் எல்லாம் அங்கேதான். வருவாய்ப் பதிவேட்டில் அந்த இடத்துக்குக் கிராம நத்தம் என்று பெயர். தோட்டத்துக்காரர்கள் நோம்பிக்கும் பொங்கலுக்கும் அங்கே வருவார்கள்.

அங்கே நிரந்தரமாக இருப்பது யார் என்று பார்த்தால்தான் சிதறலின் மறுபக்கம் தெரியும். நாங்கள் ஆய்வு செய்த ஊரில் தோட்டத்து வீடுகள் ஏறக்குறைய எல்லாமே கிணறும் பட்டாவும் உள்ள குடும்பங்களுடையவை. கூலி வேலை செய்கிற அருந்ததியர் குடும்பங்கள் நத்தத்தை ஒட்டிய காலனியில் மூன்று தெருக்களில் நெருக்கமாக இருந்தார்கள். கிணறு வெட்ட நிலம் இல்லாதவர் எங்கே போய்ச் சிதறுவார்? ஒரே ஊர், ஒரே மண், ஒரே மழை. உடைமை உள்ளவர்களுக்குச் சிதறிய குடியிருப்பு, இல்லாதவர்களுக்குக் குழுமிய குடியிருப்பு. 'கொங்கு நாட்டில் சிதறிய குடியிருப்பு' என்று ஒரே வரியில் எழுதுகிறவர்கள் பாதி ஊரை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் முதல் சில ஆண்டுகள் நானும் அப்படித்தான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கரிசலில் ஏன் கூடினார்கள்

இப்போது அந்த மாணவனின் ஊருக்குப் போவோம். கரிசல் மண் ஈரத்தைப் பிடித்து வைக்கும். புரட்டாசி, ஐப்பசியில் மழை பெய்ததும் விதைத்தால் அந்த ஈரத்திலேயே கம்பு, சோளம், பருத்தி, உளுந்து, மல்லி எல்லாம் வந்துவிடும். நீர் பாய்ச்சும் வேலை இல்லை. அதனால் ஒவ்வொரு நாளும் விடிகாலையில் காட்டில் நிற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பங்குனிக்குப் பிறகு காட்டில் வேலையே குறைவு. மேலக்காட்டில் ஒரு துண்டு, கீழக்காட்டில் ஒரு துண்டு என்று நிலமும் பிரிந்து கிடப்பதால், எந்தத் துண்டில் போய் வீடு கட்டினாலும் மற்றது தூரமாகிவிடும்.

இறைத்துப் பாய்ச்சலாம் என்றாலும் பல இடங்களில் கிணற்று நீர் உவர். குடிக்கிற நல்ல தண்ணீர் ஊருணியில்தான். மழைநீர் வந்து நிறையும்படி ஒரு பள்ளத்தை வெட்டி, கரை போட்டு, மாடு இறங்காமல், யாரும் குளிக்காமல் பாதுகாக்க வேண்டும். அதை ஒரு குடும்பம் செய்ய முடியாது. ஊர் சேர்ந்துதான் வெட்டவும் காவல் வைக்கவும் முடியும். குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் எவ்வளவு தூரம் நடப்பாளோ அதுதான் ஊரின் விட்டம்.

மண்ணும் சேர்ந்து நெருக்கியது. கரிசல் மழையில் உப்பும், கோடையில் கைநுழையும் அளவுக்குப் பிளக்கும். அதன்மேல் எழுப்பிய மண்சுவர் சில மழைக்குள் வெடித்துவிடும். மழை நாளில் காலைத் தூக்கினால் அரைக்கிலோ மண் ஒட்டிக்கொண்டு வரும். அதனால் சரளையோ செவலோ தென்படுகிற கொஞ்சம் உயர்ந்த திட்டைத் தேடி, அதற்குள்ளேயே வீடுகளை அடைத்துக்கொண்டார்கள். திட்டு சிறியது, எனவே சுவர் சுவரோடு ஒட்டுகிறது. அங்கும் ஊர், காலனி என்ற பிரிவு உண்டு. வெளியிலிருந்து ஒரே கொத்தாகத் தெரிவது உள்ளே இரண்டு கொத்து. நடுவில் ஒரு ஓடையோ மந்தைவெளியோ கிடக்கும்.

கரையை விட்டு இறங்காத ஊர்

மூன்றாவது வகைக்குத் திருவையாற்றுப் பக்கம், குடமுருட்டிக் கரைக்கு வர வேண்டும். அங்கே ஆற்றோரமாகவே ஒரு தெரு போகிறது, கிலோமீட்டர் கணக்கில். வீட்டு வாசலில் சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் ஆறு, படித்துறை. வீட்டுக்குப் பின்னால் கொல்லை, அதில் வாழையும் தென்னையும். கொல்லை முடிகிற இடத்தில் தரை சட்டென்று இரண்டு மூன்று அடி இறங்கும். அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய வரை நஞ்சை.

அந்த இரண்டு மூன்று அடிதான் விஷயம். வெள்ளம் கரை புரளும்போது ஆற்று நீரின் வேகம் ஓரத்திலேயே குறைந்துவிடும். கனமான மணலும் எக்கலும் அங்கேயே படியும், மெல்லிய களி மட்டும் தூரமாகப் போய்ப் படியும். இது பல நூறு ஆண்டுகள் நடந்ததில் ஆற்றங்கரை உயர்ந்து, நீர் வடிகிற மண்ணாகிவிட்டது. சற்றுத் தள்ளியுள்ள தரை தாழ்ந்து, நீர் தேங்குகிற களியாகிவிட்டது. வீட்டுக்குக் கரை நல்லது, நெல்லுக்குப் பள்ளம் நல்லது. கரையில் இருபது முப்பது அடியில் இனிப்பான ஊற்று கிடைக்கும். வண்டிப்பாதையும் கரை மேலேயே போகும். வீடு கட்டத் தோதான தரை ஒரு நாடா மாதிரி நீளமாகவும் ஒடுங்கியும் கிடக்கும்போது, குடியிருப்பும் அதே வடிவத்தை எடுக்கிறது. வேதாரண்யம் பக்கம் பழைய கடற்கரை மணல்மேடுகளின் மேல் ஊர்கள் நீண்டு கிடப்பதும் இதே காரணத்தால்தான். ஆறு இருக்கிற இடத்தில் அங்கே மணல்மேடு.

இங்கே மாணவர்கள் தவறாமல் செய்கிற பிழை ஒன்று உண்டு. கோயிலுக்கு முன்னால் நேராகப் போகிற அக்ரகாரத்தைப் பார்த்துவிட்டு 'நேர்கோட்டுக் குடியிருப்பு' என்று எழுதிவிடுவார்கள். தெரு நேராக இருப்பது வேறு, ஊர் நீண்டிருப்பது வேறு. நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: இந்தக் கோட்டை விட்டு இருநூறு மீட்டர் விலகி வீடு கட்டினால் என்ன தடை? தண்ணீர் தேங்கும், உவர் ஏறும் என்று பதில் வந்தால் அது உண்மையான நேர்கோட்டுக் குடியிருப்பு. தடை ஒன்றும் இல்லை, கோயிலுக்குப் பக்கத்தில் இருக்க ஆசைப்பட்டார்கள் என்றால் அது குழுமிய ஊரின் ஒரு தெரு.

எண்ணிப் பார்த்தபோது

கண்ணால் பார்த்துச் சொல்வது போதாது என்று அண்மை அயலவர் குறியீட்டையும் கணக்கிட வைப்பேன். கிளார்க், எவன்ஸ் இருவரும் 1954-இல் தாவரங்களின் பரவலை அளக்கத் தந்த முறை இது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மிக அருகில் உள்ள வீட்டுக்கான தூரத்தை அளந்து சராசரி எடுக்க வேண்டும். அதை, வீடுகள் தற்செயலாக இறைந்து கிடந்தால் வரக்கூடிய சராசரியால் வகுக்க வேண்டும்.

```
R = d / (0.5 / √(n/A))
```

இதில் d அளந்த சராசரித் தூரம், n வீடுகளின் எண்ணிக்கை, A பரப்பு. R பூஜ்யத்தை நெருங்கினால் கொத்து, 1 என்றால் தற்செயல், 1-ஐத் தாண்டி 2.15-ஐ நோக்கிப் போனால் சீரான இடைவெளி.

எளிதாக ஒரு கணக்கு. 4 சதுர கிலோமீட்டரில் 64 வீடு என்று வைப்போம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 16. அதன் வர்க்கமூலம் 4. எனவே எதிர்பார்க்கும் தூரம் 0.125 கிலோமீட்டர், அதாவது 125 மீட்டர். தோட்டத்து வீடுகளுக்கிடையே சராசரி 170 மீட்டர் என்றால் R = 1.36. ஒவ்வொரு கிணறும் தனக்கென்று ஒரு சுற்றளவைப் பிடித்துக்கொள்வதால் வீடுகள் ஒன்றையொன்று தள்ளி வைக்கின்றன என்பதை அந்த எண் காட்டும். கரிசல் ஊர் மாதிரி 12 மீட்டர் என்றால் R ஏறக்குறைய 0.1. சரிதான். ஆனால் ஆற்றங்கரைத் தெருவில் வீட்டுக்கு வீடு 15 மீட்டர் என்று வைத்தால் R = 0.12 வருகிறது. கொத்துக்கும் கோட்டுக்கும் இந்தக் குறியீட்டில் வேறுபாடே தெரியாது. அது பக்கத்து வீட்டை மட்டும் பார்க்கிறது, ஊரின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. இன்னொன்றும் உண்டு: A என்ற பரப்பை வருவாய்க் கிராம எல்லை வரைக்கும் எடுப்பதா, நத்தத்துக்கு மட்டும் எடுப்பதா என்பதைப் பொறுத்து அதே ஊர் கொத்தாகவும் சிதறலாகவும் மாறும். எல்லையை முதலில் எழுதி வைக்காத கணக்கை நான் திருத்துவதில்லை.

எண்ணிக்கையிலேயே பிழை வந்த கதையும் சொல்ல வேண்டும். ஓராண்டு, செயற்கைக்கோள் படத்தில் கூரைகளைப் புள்ளியிட்டுக்கொண்டு போன மாணவர்கள், பல்லடம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நூற்றுக்கும் மேல் வீடு என்று கொண்டுவந்தார்கள். நேரில் போனால் அதில் பாதி கோழிப்பண்ணைக் கொட்டகைகளும் தறிக் கூடங்களும். கோழிக் கொட்டகை ஒடுங்கி நீளமாக இருக்கும், அருகருகே இணையாக நிற்கும். பார்த்துப் பழகினால் படத்திலேயே தெரியும். சாளையைப் படத்தில் பிரிக்க முடியாது. தட்டு அடுக்க மட்டும் பயன்படுகிற கொட்டகையும் ஆள் குடியிருக்கிற வீடும் மேலிருந்து ஒன்றுதான். வாசல் தெளித்திருக்கிறதா, துணி காய்கிறதா, நாய் குரைக்கிறதா என்று நடந்து போய்ப் பார்த்தால்தான் உண்டு. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் நீலப் புள்ளியாகக் கிணறும் சிவப்பாக வீடும் இருக்கும். பழைய தாளை விரித்து இரண்டும் பக்கம் பக்கமாக வருகிறதா என்று முதலில் பார்த்துவிட்டுக் களத்துக்குப் போவது நல்லது.

கிணறு விட்டுவிட்ட பிறகு

சென்ற களப்பயணத்தில் நாங்கள் நின்ற தோட்டத்தில் கிணறு நாற்பதடி ஆழம், சதுர வடிவம், பாறையைச் சுத்தமாகச் செதுக்கி இறக்கியிருந்தார்கள். கவலைக்கு நட்ட கல்தூண் இரண்டும் அப்படியே நிற்கின்றன. இடது தூணில் வடம் உரசி உரசி விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம். கிணற்றின் அடியில் சப்பாத்திக்கள்ளி முளைத்திருந்தது. தண்ணீர் இப்போது பக்கத்தில் இறக்கிய ஆழ்துளைக் குழாயிலிருந்து வருகிறது, ஆயிரம் அடிக்கு அருகில்.

அந்தத் தோட்டத்து அய்யா திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறார். நாங்கள் வருவதாகச் சொன்னதால் அன்று மட்டும் வந்திருந்தார். செல்போனில் ஒரு எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடும், இன்னொன்றை அழுத்தினால் நிற்கும். தேங்காய் பறிக்க மாதம் ஒருமுறை ஆள் வருகிறது. ஏன் போய்விட்டீர்கள் என்று கேட்டேன்.

"தனியா கெடக்கற தோட்டத்துல வயசானவங்கள அடிச்சுப் போட்டுட்டு நகைய எடுத்துட்டுப் போறாங்கன்னு பேப்பர்ல வருதுங்களே சார். பையன் விட மாட்டீங்கறான். இங்க எதுக்கு நான் இருக்கோணும்? மாடு இல்ல, எறைக்கற வேல இல்ல."

சாளையின் கதவுக்குப் புதுப் பூட்டு போட்டிருந்தது. அதே ஊரில் தார்ச்சாலையோரம் ஐந்து புது வீடுகள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்தன. மூன்று தோட்டத்துக்காரர்களுடையது, இரண்டு காலனியிலிருந்து வந்தவர்களுடையது. மாணவர்கள் அந்த வீடுகளை எந்த நிறத்தில் குறிப்பது என்று கேட்டார்கள். கட்டிய ஆண்டைப் பக்கத்தில் எழுதிவிட்டு, தனி நிறத்தில் குறிக்கச் சொன்னேன்.